தொட்டி நீர்மட்டத்துக்கு எது ஏற்றது: நகரும் சராசரியா, இடைநிலை வடிகட்டியா?

2024 ஜனவரியில் பினாங்கில் பல நாள் நீடித்த தண்ணீர்த் தடைக்குப் பிறகு, கூரைத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை இங்கே பலருக்கு வந்தது. தொட்டி மூடியில் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், பக்கத்தில் ஒரு இஎஸ்பி32 பலகை, மோட்டாரை இயக்க ஒரு ரிலே. பாயான் பாருவிலும் ஆயர் ஈத்தாமிலும் இப்படிச் செய்து பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் முட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான்: சென்சார் தரும் எண் ஒரு நிலையில் நிற்பதில்லை. உடனே கடைசி ஐந்து அளவீடுகளைக் கூட்டி ஐந்தால் வகுக்கிறார்கள். தூர சென்சாருக்கு அது பொருந்தாத மருந்து.

சென்சார் மூடியிலிருந்து நீர்ப்பரப்பு வரையுள்ள தூரத்தை அளக்கிறது; தண்ணீர் குறையக் குறைய தூரம் கூடும். தூரம் 120 சென்டிமீட்டரைத் தாண்டினால் மோட்டார் ஓட வேண்டும், 40-க்குக் கீழே வந்தால் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான தூரம் 85 சென்டிமீட்டர். ஒரே ஒரு முறை எதிரொலி தவறிப்போய் 400 என்று வருகிறது.

```python
win = [84, 85, 84, 400, 85]
sum(win) / 5      # 147.6
sorted(win)[2]    # 85
```

சராசரி 147.6. அது 120-ஐத் தாண்டிவிட்டதால் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. 40 வரும்வரை அதை நிறுத்தும் கட்டளை இல்லை. ஆகவே ஒரு தவறான எதிரொலி, தேவையே இல்லாமல் முழுத் தொட்டியையும் நிரப்ப வைக்கிறது. அந்த 400, கடைசி ஐந்து அளவீடுகள் அடங்கிய சாளரத்தை விட்டு வெளியேறும்வரை தொடர்ந்து ஐந்து விடைகளைக் கெடுக்கிறது. இடைநிலை வடிகட்டியோ ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை மட்டும் எடுக்கிறது. 400 வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அது 4000 ஆக இருந்தாலும் விடை 85-தான்.

தூர சென்சாரில் பிழைகள் உண்மையான மதிப்பைச் சுற்றி இரு பக்கமும் சமமாகப் பரவுவதில்லை என்பதே இதற்கு அடிப்படை. நன்றாக இருக்கும்போது ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். கெடும்போது ஒரேயடியாக எங்கோ போய்விடும். எதிரொலி நேரத்துக்குள் வராவிட்டால், அதன் நேரத்தை அளக்கும் ஆர்டுயினோ கட்டளையான `pulseIn()` 0 தருகிறது. அந்த 0 ஓர் அளவீடே அல்ல. எந்த வடிகட்டியானாலும் அதைச் சாளரத்துக்குள் விடாமல் முன்பே தள்ளிவிட வேண்டும்.

இடைநிலை வடிகட்டி தோற்கும் இடமும் அதே தொட்டிக்குள் இருக்கிறது. ஐந்து அளவீடுகளில் இரண்டு கெட்டால் அது தாங்கும், மூன்று கெட்டால் தாங்காது. நீர் விழும் குழாயின் அருகே சென்சாரைப் பொருத்தியவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். மோட்டார் ஓடும்போது விழும் நீர்த்தாரையில் பட்டே ஒலி திரும்பிவிடும். உண்மைத் தூரம் 70 ஆக இருக்கையில் 32, 31, 70, 33, 69 என்று வருகிறது. இடைநிலை 33. தொட்டி நிரம்பிவிட்டதென்று கருதி மோட்டார் நிற்கிறது. தாரை நின்றதும் அளவு மறுபடி 70 ஆகிறது; 120 வரை இறங்காததால் மோட்டார் திரும்ப ஓடாது. தொட்டி எப்போதும் அரைகுறையாகவே நிற்கும். இதே ஐந்தின் சராசரி 47. அதுவும் பொய்தான், ஆனாலும் மோட்டாரை நிறுத்தியிருக்காது. சராசரி பாதிப் பொய்யைச் சொல்கிறது. இடைநிலை, பெரும்பான்மை எதுவோ அதை முழுமையாக நம்பிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க வடிகட்டிய எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அது அழகாக நிலைத்து நிற்கும். வடிகட்டாத ஐந்தையும் பக்கத்தில் அச்சிட்டுப் பாருங்கள். இடைநிலையிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் விலகியவை எத்தனை என்று நிரலே எண்ணட்டும். அடிக்கடி இரண்டு என்று வந்தால் வடிகட்டி விளிம்பில் நிற்கிறது. சாளரத்தை ஒன்பதாக்குவது தற்காலிகத் தீர்வு. தாரையிலிருந்து சென்சாரை எதிர்ப்பக்கம் நகர்த்துவதே சரியான வழி.

இனி அனலாக் பக்கம். அதே தொட்டியின் அடிக்குழாயில் ஓர் அழுத்த சென்சாரை வைத்து அனலாக் முனையில் வாசிக்கிறோம் என்றால் கதை தலைகீழாக மாறுகிறது. எண்கள் 1812, 1815, 1811, 1814 என்று உண்மையைச் சுற்றி இருபுறமும் சிறிதாக ஆடும். இங்கே ஒவ்வொரு அளவீட்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நடுவில் உள்ளதைத் தவிர மற்றவற்றின் அளவைப் பொருட்படுத்தாத இடைநிலை, அந்த உண்மையை வீணாக்குகிறது. 16 அளவீடுகளின் சராசரி ஆட்டத்தை நான்கில் ஒரு பங்காக்கும். சாளரம் பெரிதாக இருக்கும்போது, அதே அமைதியை இடைநிலையால் பெற ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலான அளவீடுகள் வேண்டும். 512, 513, 512, 513, 513 என்று வந்தால் சராசரி 512.6 என்று நுணுக்கமாகச் சொல்லும். இடைநிலை 513 என்று நின்றுவிடும்.

சராசரிக்கு இன்னொரு வலிமையும் உண்டு, இதை நான் மிகவும் மதிக்கிறேன். மலேசியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஓர் அலை 20 மில்லி விநாடி. மோட்டார் கம்பிக்கு அருகே ஓடும் சென்சார் கம்பியில் அந்த அலை ஏறும். மில்லி விநாடிக்கு ஒன்றாக 20 அளவீடுகள் எடுத்துச் சராசரி கண்டால் அலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நீக்கிவிடும். ஆனால் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை என்று எடுத்தால் ஒவ்வொரு முறையும் அலையின் ஒரே புள்ளியில்தான் தொடுவோம். எத்தனை எடுத்தாலும் பிழை அப்படியே நிற்கும். இரண்டு வடிகட்டிகளுக்கும் அது தெரியாது.

மோட்டார் கிளம்பும் கணத்தில் அனலாக் முனையிலும் அதன் உச்ச எண்ணான 4095 துள்ளி வரலாம். 1813-ஐச் சுற்றிய 20 அளவீடுகளின் சராசரியை அது ஒன்றே 114 அளவுக்கு உயர்த்திவிடும். அங்கே இரண்டையும் சேர்க்க வேண்டும்: முதலில் மூன்றின் இடைநிலை, அதன் விடைகளுக்குச் சராசரி. வரிசையை மாற்றினால் பயனில்லை. முதலில் சராசரி கண்டால் அந்தத் துள்ளல் அகன்ற மேடாகப் பரவிவிடும். பின்னால் வரும் சிறிய இடைநிலைச் சாளரம் முழுவதும் கெட்ட எண்களே நிறைந்திருக்கும்.

தாமதத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. இடைநிலை விரைவானது என்பார்கள். நீர் சீராக ஏறும்போது இரண்டும் ஒரே அளவு பின்தங்கும்: ஐந்தின் சாளரத்தில் இரண்டு அளவீடுகள். பத்து விநாடிக்கு ஒருமுறை அளந்தால் 20 விநாடி. திடீர் மாற்றத்தில்தான் வேறுபாடு. சராசரி படிப்படியாக ஏறும். இடைநிலை சிறிது காத்திருந்து ஒரே தாவலில் போய்விடும். அதனால்தான் வாசலைக் கடக்கும் ஆளைக் கண்டறியும் சென்சாருக்கு இடைநிலை ஆபத்தானது. ஐந்தில் இரண்டு அளவீடுகளுக்கு மட்டும் முன்னால் வந்த மனிதரையும் அது பிழையென்று நீக்கிவிடும்.

பினாங்கின் வெயிலில் இரண்டாலும் திருத்த முடியாத பிழை ஒன்று வருகிறது. காற்றில் ஒலியின் வேகம் 28 பாகை செல்சியஸில் விநாடிக்குச் சுமார் 348 மீட்டர், 45 பாகையில் சுமார் 358 மீட்டர். காலையில் சரிபார்த்த சென்சார், சூடேறிய மூடிக்குக் கீழே மதியம் 100 சென்டிமீட்டரை ஏறத்தாழ 97 என்று சொல்லும். எல்லா அளவீடுகளும் ஒன்றாகவே நகர்ந்துவிட்டதால் சராசரியும் 97, இடைநிலையும் 97. தொட்டிக்குள் ஒரு வெப்பநிலை சென்சாரைத் தொங்கவிட்டு, வேகத்தை `331.3 + 0.606 * T` என்று கணக்கிட்டபின்தான் தூரத்தைச் சாளரத்துக்குள் அனுப்ப வேண்டும்.