இரட்டைப் பதிவில் எது செல்லும்? மூன்று வருடமாக ஓட்டும் ஒரு விதி

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "ஒரே ஆள்கிட்ட இருந்து ரெண்டு பதில் வந்தா நீ எதை வெச்சுக்கிறே?" ஒரு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. மூன்று வருடமாக நான் ஓட்டுகிற விதியைப் பற்றி இத்தனை நாள் யாரிடமும் புலம்பியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கள ஆய்வாளர்கள் டேப்லெட் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்கும் கணக்கெடுப்பு. சிக்னல் இருக்கும்போது சர்வருக்கு அனுப்புவார்கள். ஒரே வீட்டு எண்ணில் இரண்டு, சில சமயம் மூன்று பதிவுகள் வந்து நிற்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்க வேண்டும். என் விதி சுருக்கமானது: முழுமையானது செல்லும், இரண்டுமே முழுமையென்றால் பிந்தையது செல்லும். கேட்பதற்கு என்ன அழகாக இருக்கிறது!

முதலில் "பிந்தையது". ஒவ்வொரு பதிவிலும் மூன்று நேரம் இருக்கும். `start` என்பது படிவத்தைத் திறந்த நேரம், `end` என்பது கடைசியாகச் சேமித்த நேரம். இரண்டும் டேபின் கடிகாரம் சொல்வது. `_submission_time` சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். ஆரம்பத்தில் நான் சர்வர் நேரத்தைத்தான் நம்பினேன், கடிகாரம் தப்பாக இருக்க வாய்ப்பில்லையே என்று. ஆனால் அது பேட்டி நடந்த நேரமில்லை, சிக்னல் கிடைத்த நேரம். `end` பரவாயில்லை என்று அதற்கு மாறினேன். பெயரில் ஒரு எழுத்தைத் திருத்த யாராவது பழைய படிவத்தை மறுபடி திறந்து சேமித்தால் அதுவும் நகர்ந்துவிடுகிறது. இப்போது வரிசைக்கு `start` மட்டும்தான். டேபின் கடிகாரம் ஓடிப்போயிருந்தால்? `end`, சர்வர் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் அந்த டேபின் அத்தனை பதிவுகளையும் தனியே எடுத்துவைப்பேன். அனுப்பிய பிறகு பேட்டி முடிய முடியாதல்லவா. சர்வர் உலகப் பொது நேரத்தில் எழுதும், டேப் உள்ளூர் நேரத்தில் எழுதும். அதனால் ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட வேண்டும். இதை மறந்து ஒரு நாள் முழுக்க நல்ல டேபுகளைத் திட்டியிருக்கிறேன்.

சரி, நேரம் ஒருவழியாக அடங்கிவிட்டது. என்னை இன்றுவரை கடிப்பது "முழுமை".

0417 என்ற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் 44 கேள்விகள். முதல் பதிவு 12-ஆம் தேதி காலை 10:04-க்குத் தொடங்கியது, 41 கட்டம் நிரம்பியிருக்கிறது, சர்வருக்கு வந்தது 14-ஆம் தேதி மாலை. இரண்டாவது 13-ஆம் தேதி மாலை 4:15-க்குத் தொடங்கி உடனே வந்துவிட்டது, நிரம்பியது 29. சர்வர் நேரப்படி பார்த்தால் முதல் பதிவுதான் பிந்தையது. கட்டங்களை எண்ணினாலும் அதற்கே வெற்றி. என் பழைய விதி கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. "கடந்த 7 நாட்களில் கூலிக்கோ சம்பளத்துக்கோ வேலை செய்தீர்களா?" என்ற கேள்விக்கு முதலில் "ஆம்", இரண்டாவதில் "இல்லை". இல்லை என்றால் வேலை பற்றிய 14 கேள்விகளைப் படிவமே தாண்டிவிடும். அப்படியானால் இரண்டாவது பதிவுக்குப் பொருந்தும் கேள்விகள் 30-தான். அதில் 29-க்குப் பதில் இருக்கிறது. முதலாவதில் 44-க்கு 41. அதாவது 97 சதவீதமும் 93 சதவீதமும். குறைவாக நிரம்பியதுதான் கூடுதல் முழுமை!

இது 0417-இன் தனிப்பட்ட பிரச்சினை என்றால் கோபம் வராது. கட்டங்களை எண்ணும் விதி, முரண்படும் ஒவ்வொரு ஜோடியிலும் "ஆம்" சொன்ன பதிவின் பக்கமே சாயும். வேலையில் இருப்போர் விகிதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், யாருக்கும் தெரியாது. என் முதல் வருட அறிக்கை அப்படித்தான் போயிருக்கிறது. அதற்கப்புறம் வகுக்கும் எண்ணாகப் பொருந்தும் கேள்விகளை மட்டும் வைத்தேன், pandas-இல் இப்படி:

```
done = df[asked].notna() & applies
df["ratio"] = done.sum(axis=1) / applies.sum(axis=1)
```

`asked` என்பது கேள்விகளின் பட்டியல், `applies` என்பது ஒவ்வொரு பதிவுக்கும் எந்தக் கேள்வி பொருந்தும் என்ற ஆம்-இல்லை அட்டவணை. படிவத்தின் தாண்டல் நிபந்தனைகளைப் பார்த்து அதைக் கையால் கட்ட வேண்டும். படிவம் மாறினால் மறுபடி கட்ட வேண்டும். எந்தக் கருவியும் இதை எனக்குத் தானாகச் செய்து தரவில்லை. 0.9-க்கு மேல் இருந்தால் முழுமை என்று வைத்துக்கொள்கிறேன். 97, 93 என்று நூலிழையில் தீர்ப்பு சொல்வதில்லை. இரண்டும் தேறினால் விதி `start`-ஐப் பார்க்கும். 0417-இல் இரண்டாவது நின்றது.

அது சரியா என்று ஆய்வாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "முதல் தடவை அந்தம்மா வீட்ல இல்லண்ணா, மருமகள்தான் சொன்னாங்க. மறுநாள் அவங்களையே பார்த்துக் கேட்டேன்" என்றார். விதி தப்பிப் பிழைத்தது.

ஆனால் அதே மாதம் இன்னொரு வீடு. அங்கும் முதலில் ஆம், பிறகு இல்லை. விதி பிந்தையதை எடுத்தது. விசாரித்தால், அந்த வீட்டுக்காரருக்கு முதல் பேட்டியிலேயே தெரிந்துவிட்டது, ஆம் என்றால் கேள்வி நீளும் என்று. இரண்டாம் முறை சீக்கிரம் அனுப்பிவைக்க "இல்லை" என்றிருக்கிறார். அங்கே முதலாவதுதான் உண்மை. நேரமும் முழுமையும் சேர்ந்து நின்றாலும் இந்த இரண்டு வீடுகளுக்கும் வித்தியாசம் காட்டாது. அதனால் இப்போது தாண்டவைக்கும் கேள்வியில் இரண்டு பதிவுகள் முரண்பட்டால் விதி வாயைத் திறக்காது. அந்த ஜோடி ஒரு பட்டியலுக்குப் போகும், நான் போன் போடுவேன்.

பாராட்ட ஒன்று இருக்கிறது, அது நான் எதிர்பார்த்ததே இல்லை. ஒதுக்கிய பதிவுகளை அழிக்காமல், "முழுமை குறைவு", "முந்தையது" என்று காரணத்தோடு தனித் தாளில் போட்டுவைத்தேன். அந்தத் தாளை டேப் வாரியாக அடுக்கியபோது, ஒரே டேப் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. அதில் பழைய படிவத்தையே திறந்து வீட்டு எண்ணை மட்டும் மாற்ற மறந்து அடுத்த வீட்டை நிரப்பியிருந்தார்கள். அவை இரட்டைப் பதிவே அல்ல, இரண்டு வேறு வீடுகள்! குடும்பத் தலைவரின் வயதும் பாலினமும் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்கும் பழக்கம் அதிலிருந்து வந்ததுதான். இன்னொன்றும் அந்தத் தாள்தான் காட்டிக்கொடுத்தது: வீட்டு எண் வெறுமையான பதிவுகளை எல்லாம் `drop_duplicates` ஒரே ஆளாக நினைத்து ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தது. இப்போது அவற்றை முன்கூட்டியே பிரித்துவிடுகிறேன்.

விதி நன்றாகவே உழைக்கிறது. பெரும்பாலான ஜோடிகளை நான் தொடாமலே சரியாகத் தீர்க்கிறது, எதை ஏன் ஒதுக்கியது என்று கேட்டால் சொல்கிறது. நண்பனுக்குப் பரிந்துரைப்பேனா? மாட்டேன். இதைக் கட்டிக் காப்பாற்றும் நேரத்தில், டேபிலேயே வீட்டு எண்ணைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்து, மறுமுறை போகும்போது "மறு வருகை, காரணம் என்ன?" என்று ஒரு கேள்வி சேர்த்துக்கொள் என்று எழுதி அனுப்பினேன். என் படிவத்தில் அந்தக் கேள்வி இன்னும் இல்லை. நாளைக்குப் பேச வேண்டிய ஜோடிகள் பதினொன்று இருக்கின்றன.