ஒரு நாள் வராதவரைத் தண்டிக்காத லாகின் காலண்டர்: நீண்ட நாள் பயன்படுத்தியதில் கண்டது

நான் ஒரு சிறிய ஸ்டுடியோவில் மேட்ச்-3 புதிர் கேம் ஒன்றின் ஈவென்ட் காலண்டரைப் பார்த்துக்கொள்கிறேன். இன்னொரு பக்கம், 2020 செப்டம்பரில் வெளியானதிலிருந்து கென்ஷின் இம்பாக்ட் ஆடி வருகிறேன். ஈவென்ட் போடுகிற ஆளாகவும் அதை ஆடிக் களைக்கிற ஆளாகவும் இருப்பதால், எது தாங்குகிறது, எது ஆளை விரட்டுகிறது என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் லாகின் பரிசு. என் கைக்கு வந்தபோது எங்கள் கேமில் இருந்தது வழக்கமான ஏழு நாள் தொடர். ஏழாம் நாளில் பெரிய பெட்டி, நடுவில் ஒரு நாள் விட்டால் மறுபடி முதல் நாள். இதில் ஆறாம் நாளை விட்டவர்தான் பெரிய சிக்கல். அவர் நம்மிடம் ஐந்து நாள் ஒழுங்காக வந்தவர், ஆனால் ஏழாம் நாள் அவருக்குக் கிடைப்பது புதிதாக இன்ஸ்டால் செய்தவருக்குக் கிடைக்கும் அதே பத்து காசு. தொடர் அறுந்த மறுநாளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் தெரியும்: திரும்பி வந்து, காலண்டர் காலியாக இருப்பதைப் பார்த்து, ஒரு லெவல்கூட ஆடாமல் மூடிவிட்டுப் போகிறவர்கள் அங்கேதான் குவிந்திருப்பார்கள்.

இதை மொத்த நாள் கணக்குக்கு மாற்றினோம். மாதத்தில் எந்த நாள் வந்தாலும் அடுத்த கட்டம் திறக்கும், தொடர்ந்து வர வேண்டியதில்லை. பெரிய பரிசை இருபதாம் கட்டத்தில் வைத்தோம், முப்பதாம் கட்டத்தில் அல்ல. அதாவது பத்து நாள் வராமலே இருந்தாலும் அது கைக்கு வரும். இருபதுக்குப் பிறகு உள்ள கட்டங்களில் சின்னச் சின்ன பூஸ்டர்கள் மட்டும், விட்டால் யாருக்கும் வயிறு எரியாத அளவுக்கு. விட்ட நாளை ஜெம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் பட்டனை வைக்கவில்லை. அது வைத்தால் வருமானம் வரும்தான், ஆனால் அதற்கு அப்புறம் நாளைத் தவறவிட வைப்பதில் நமக்கே லாபம் வந்துவிடும். அப்படி ஒரு காலண்டரை நியாயமாகத் திட்டமிட முடியாது.

கென்ஷினிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ரெசின் என்ற ஆற்றல் அளவு பற்றியது. எட்டு நிமிடத்துக்கு ஒன்று ஊறும், நிரம்பினால் நின்றுவிடும். வெளியானபோது உச்சவரம்பு 120, அதாவது 16 மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதே ஆண்டு நவம்பரில் 160 ஆக்கினார்கள், அது 21 மணி 20 நிமிடம். பார்க்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் தினமும் இரவு ஒன்பது மணிக்கு மட்டும் ஆடுகிறவருக்கு 2 மணி 40 நிமிடம் வீண், அதாவது நாளுக்கு 20 ரெசின், பரிசு தரும் டொமைன் என்ற ஆட்டம் ஒன்றுக்குச் சரியாக ஆகும் விலை. 2024 ஜூனில் 200 ஆக்கிய பிறகுதான் நிரம்ப 26 மணி 40 நிமிடம் என்று ஆகி, ஒரு நாளுக்கு ஒரு முறை வந்தால் போதும் என்ற நிலை வந்தது. இடைப்பட்ட மூன்றரை வருடமும் அந்தக் குட்டி இழப்பு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஆடுவதற்காக அல்ல, வழிந்து போகாமல் இருப்பதற்காக கேமைத் திறந்த நாட்கள் நிறைய. அதனால் எதையாவது நிரம்ப வைக்கிறீர்கள் என்றால் முதலில் உச்சவரம்பை ஒன்று ஊறும் நேரத்தால் பெருக்கிப் பாருங்கள். 24 மணி நேரத்துக்குக் குறைவாக வந்தால் ஆட்டக்காரரை நாளுக்கு இருமுறை கூப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம்.

குறுகிய கால ஈவென்ட்டுக்கு வருவோம். எங்களிடம் இருந்த ஒரு 14 நாள் ஈவென்ட்டின் கணக்கு இப்படி: தினமும் 100 டோக்கன் கிடைக்கும், கடையில் கடைசிப் பரிசுக்கு மொத்தம் 1,400 வேண்டும். தாளில் அழகாகப் பொருந்தும், ஆனால் மூன்றாம் நாள் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மீதிப் பதினோரு நாளுக்கும் அவருக்கு ஒரு காரணமும் இல்லை. இப்போது நான் போடுவது வேறு கணக்கு. கடைசிப் பரிசு 900, நாள் வரவு அதே 100, ஆக ஒன்பது நாள் போதும். கூடவே, திறந்த பணி ஈவென்ட் முடியும்வரை மூடாது. கென்ஷினில் பெரும்பாலான ஈவென்ட்டுகள் இப்படித்தான், ஒவ்வொரு நாளும் புதுக் கட்டம் திறக்கும், பழையது அப்படியே இருக்கும், சனி ஞாயிறில் உட்கார்ந்து மொத்தத்தையும் முடித்துவிடலாம். தினமும் வருகிறவருக்குப் புதிதாக ஏதோ இருக்கிறது, வார இறுதியில் மட்டும் வருகிறவரும் ஒன்றும் இழப்பதில்லை.

டோக்கன் கணக்கோடு நிமிடக் கணக்கும் வேண்டும். எங்கள் லெவல் ஒன்று தோல்வியெல்லாம் சேர்த்து சுமார் மூன்று நிமிடம் எடுக்கும். 'இன்று 12 லெவல் ஜெயி' என்று பணி வைத்தால் அதுவே முப்பத்தாறு நிமிடம், இதற்கு மேல் சீசன் பாஸ் பணி, குழுப் பணி. தனித்தனியாகப் போட்டவர்களுக்கு ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் தெரிந்திருக்கும். இப்போது நாள் முழுவதற்கும் இருபது நிமிடம் என்று ஒரே பட்ஜெட், புது ஈவென்ட் அதற்குள்தான் இடம் பிடிக்க வேண்டும். ஐந்து லெவல் ஆடினால் ஈவென்ட், சீசன் பாஸ், குழு மூன்றுக்கும் ஒரே சமயத்தில் கணக்கு ஏறும்படி இணைத்துவிட்டோம். ஒரு ஈவென்ட் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் நான்கு நாளாவது ஒன்றுமே இல்லாமல் விடுகிறோம், லாகின் காலண்டர் மட்டும் ஓடும்.

களைப்பு வருவதை தினசரி ஆட்டக்காரர் எண்ணிக்கையில் பார்க்க முடியாது, அது கடைசிவரை நன்றாகவே இருக்கும். உள்ளே வந்து பரிசை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் போகிறவர்களின் பங்கைப் பாருங்கள். அது வாரா வாரம் ஏறினால், வருகிறார்கள் ஆனால் ஆடவில்லை. இன்னொன்று, ஈவென்ட்டை முழுதாக முடித்தவர்களை மட்டும் தனிக் குழுவாக எடுத்து, முடிந்த இரண்டு வாரம் கழித்து இருக்கிறார்களா என்று பார்ப்பது. பரிசு வாங்கியதும் அவர்களே முதலில் காணாமல் போனால் ஈவென்ட் அவர்களைப் பிழிந்துவிட்டது.

ரீசெட் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வரில் யுடிசி நள்ளிரவு என்று வைத்தால் இங்கே காலை 5:30, அது பரவாயில்லை, தூக்கத்தில் போய்விடும். கென்ஷினின் ஆசிய சர்வர் நாள் மாறுவது நமக்கு இரவு 1:30, அதுவும் தாங்கும். ஆனால் அவர்களின் ஹோயோலேப் என்ற சமூகத் தளத்தில் தினசரி செக்-இன் மாறுவது இரவு 9:30, இந்தியாவில் ஆட உட்காருகிற நேரத்தின் நடுவில். எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் வந்தவர் இரண்டு நாள் வந்ததாகக் கணக்கு, ஒரு நாள் பத்துக்கும் மறுநாள் எட்டுக்கும் வந்தவர் ஒரே நாள்தான்.

மொத்த நாள் காலண்டருக்கு மாறினால் தினசரி எண்ணிக்கை ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கும், பயத்தில் வந்தவர்கள் வராமல் இருப்பதுதான் அது. மாத எண்ணிக்கையும் ஆட்ட நேரமும் பக்கத்தில் இருந்தால்தான் மேலிடத்தில் பேசி இதை நிலைநிறுத்த முடியும், அந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு போங்கள். தரவரிசைப் போட்டிக்கு மட்டும் இந்த முறை எதுவும் உதவாது. அங்கே பக்கத்து ஆள் எவ்வளவு ஆடுகிறாரோ அதுவே நம் அளவு, ஒன்பது நாள் போதும் என்று சொல்ல வழியில்லை. நாங்கள் செய்தது, நாளுக்கு எண்ணப்படும் முயற்சிகளை ஐந்தாகக் குறைத்து அதில் சிறந்த ஒன்றை மட்டும் எடுத்தது, போட்டியையும் மூன்றே நாளில் முடித்தது. அப்படியும் கடைசி இரவு ஐம்பது பேர் விழித்திருக்கும் குழுக்கள் இருக்கின்றன. அடுத்த சீசனில் முடிவு நேரத்தை இரவு ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து பார்க்கப் போகிறோம்.