1,05,000 பாக்கி 40,000 ஆனது எப்படி? சம்பளம் துண்டு துண்டாக வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

ஒரு ஊழியர். கைக்கு வரவேண்டிய மாதச் சம்பளம் 40,000. வேலை உத்தரவில், மாதத்தின் கடைசி நாளன்று சம்பளம் தரப்படும் என்று இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. புரிவதற்காக எண்களை முழு எண்களாக்கியிருக்கிறோம். ஆனால் நடந்தது இந்த வரிசையில்தான் எங்கும் நடக்கிறது.

ஜனவரிச் சம்பளம் முழுதாக வந்தது, ஆனால் பிப்ரவரி 12 அன்று. பிப்ரவரிக்கு மார்ச் 20 அன்று 25,000 மட்டும் வந்தது. மார்ச்சுக்கு ஒன்றுமே வரவில்லை. மே 6 அன்று வங்கியில் 30,000 விழுந்தது. விவரத்தில் `SAL APR` என்று இருந்தது. ஜூன் 10 அன்று கணக்குப் பிரிவில் கூப்பிட்டு 20,000 ரொக்கமாகக் கொடுத்து ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்கினார்கள். ஜூன் 15 அன்று அவர் வேலையை விட்டார்.

அவருடைய கணக்கு எளிது. ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதம் 2,00,000, ஜூனில் பாதி மாதம் 20,000, ஆக 2,20,000. வந்தது 40,000, 25,000, 30,000, 20,000, ஆக 1,15,000. பாக்கி 1,05,000. நிறுவனம் நீட்டிய இறுதிக் கணக்கிலோ 40,000 என்று இருந்தது.

65,000 போன இடத்தைப் பாருங்கள். பிப்ரவரிச் சம்பளச் சீட்டில் 40,000 வழங்கப்பட்டதாக அச்சாகியிருந்தது. அவர் அதைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் போட்டிருந்தார். அதனால் பிப்ரவரி முடிந்த மாதமாகிவிட்டது, 15,000 காணோம். வங்கி விவரத்தில் ஏப்ரல் என்று இருந்ததால் ஏப்ரலையும் முடிந்த மாதமாகக் காட்டினார்கள். இன்னொரு 10,000 காணோம். மிஞ்சியது மார்ச், மே, அரை ஜூன், ஆக 1,00,000. வவுச்சரில் ‘முன்பணம்’ என்று எழுதியிருந்ததால் அந்த 20,000-ஐக் கடன் போலக் கழித்து 80,000 ஆக்கினார்கள். கடைசியாக, நோட்டீஸ் காலம் முடிக்காமல் போனதாகச் சொல்லி ஒரு மாதச் சம்பளம் 40,000-ஐப் பிடித்தார்கள்.

இதில் நோட்டீஸ் பிடித்தம் ஒன்றைத் தவிர மற்றவை எதையும் நிறுவனம் கடைசி நாளில் புதிதாகச் செய்யவில்லை. சம்பளச் சீட்டும் வங்கி விவரமும் வவுச்சரும் அந்தந்த மாதமே தயாராகிவிட்டன. அப்போது மறுப்பு எழுதாததால் பிறகு அவையே சாட்சியாகின. ஆகவே தற்காப்பும் அந்தந்த மாதமே நடக்க வேண்டும்.

சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும்

சம்பளச் சீட்டு நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் சொல்வது. வங்கிப் பட்டியல் உங்களுக்கு உண்மையில் வந்தது. இரண்டும் ஒத்துப்போகாத அன்றே ஹெச்.ஆருக்கும் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கோபமோ வேண்டுதலோ அதில் வேண்டாம். “பிப்ரவரிச் சம்பளச் சீட்டில் 40,000 என்று உள்ளது. மார்ச் 20 அன்று என் வங்கிக் கணக்கில் 25,000 வந்துள்ளது. அதை பிப்ரவரிச் சம்பளத்தின் பகுதியாக வரவு வைத்துள்ளேன். பிப்ரவரிக்கு 15,000 பாக்கி. அது எந்தத் தேதியில் வரும் என்று தெரிவிக்கவும்.” இவ்வளவு போதும். பதில் வராவிட்டாலும், உடனே எழுதியதற்குத் தேதி இருக்கிறது.

எந்த மாதத்துக்கான பணம் என்று சொல்வதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பல நாட்டுச் சட்டங்களில் பணம் கொடுப்பவர் குறிப்பிட்ட கணக்குக்குத்தான் அது வரவாகும். அவர் குறிப்பிடாமல் விட்டால் வேறு விதி வரும். அதனால் `SAL APR` என்று வந்த பணத்தை நீங்களாக பிப்ரவரிக்கு மாற்றி எழுதினால் தகராறுதான் வரும். அதை ஏப்ரலிலேயே வையுங்கள். ஆனால் “ஏப்ரல் சம்பளத்தில் 30,000 பகுதியாகப் பெற்றேன், ஏப்ரலுக்கு 10,000, மார்ச்சுக்கு 40,000, பிப்ரவரிக்கு 15,000 பாக்கி” என்று அன்றே எழுதுங்கள். மாதத்தின் பெயர் அவர்கள் சொன்னதாக இருக்கலாம். அந்த மாதம் ‘முடிந்தது’ என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரொக்கம் வாங்கும்போது வவுச்சரை வாசிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. உழைத்து முடித்த மாதத்துக்கு வரும் பணம் முன்பணமே அல்ல. அந்தச் சொல்லை அடித்து, “மே மாதச் சம்பளத்தில் பகுதி” என்று எழுதி, தேதியோடு கையெழுத்திட்டு, அங்கேயே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்த விடவில்லை என்றால், பணத்தை வாங்கிய அன்றே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். பெற்ற தேதி, தொகை, கொடுத்தவரின் பதவி, எந்த மாதத்துக்கு என்ற நான்கும் அதில் இருக்கட்டும்.

பாக்கிப் பதிவேடு

ஒரு நோட்டுப் புத்தகமோ எக்செல் கோப்போ போதும். பலர் வந்த பணத்தை மட்டும் குறித்து வைப்பார்கள். அது பாதிதான். வரவேண்டிய தொகையை அது வரவேண்டிய தேதியிலேயே ஒரு வரியாக எழுத வேண்டும். வந்ததை வந்த தேதியில் இன்னொரு வரியாக எழுத வேண்டும். மேலே சொன்ன கணக்கு இப்படி வரும்:

```
ஜன 31   சேர வேண்டியது ஜன    40,000   பாக்கி   40,000
பிப் 12  வரவு ஜன (வங்கி)      40,000   பாக்கி        0
பிப் 28  சேர வேண்டியது பிப்    40,000   பாக்கி   40,000
மார் 20  வரவு பிப் (வங்கி)     25,000   பாக்கி   15,000
மார் 31  சேர வேண்டியது மார்    40,000   பாக்கி   55,000
ஏப் 30   சேர வேண்டியது ஏப்     40,000   பாக்கி   95,000
மே 6    வரவு ஏப் (வங்கி)      30,000   பாக்கி   65,000
மே 31   சேர வேண்டியது மே     40,000   பாக்கி 1,05,000
ஜூன் 10  வரவு மே (ரொக்கம்)    20,000   பாக்கி   85,000
ஜூன் 15  சேர வேண்டியது ஜூன்   20,000   பாக்கி 1,05,000
```

ஜனவரி பாக்கியில்லை என்று அந்த வரிகளை நீக்கிவிடாதீர்கள். தாமதம் எப்போது தொடங்கியது என்பதை அவைதான் காட்டுகின்றன. தவறாக எழுதினால் அழித்துத் திருத்தாமல், கீழே புதிய தேதியில் ‘திருத்தம்’ என்று ஒரு வரி சேருங்கள். பழைய வரி மாறாத பதிவேட்டைத்தான் விசாரிப்பவர் நம்புவார்.

இந்தக் கணக்கு கைக்கு வரும் தொகைக்கானது. வரி, வைப்பு நிதி என்று சீட்டில் பிடித்தது உங்கள் பெயரில் கட்டப்பட்டதா என்பதை வரிக் கணக்கிலும் நிதிக் கணக்கிலும் போய்த் தனியாகப் பாருங்கள். சம்பளத்தைத் தாமதிக்கும் இடங்களில் இதுவும் அடிக்கடி நின்றிருக்கும். அது வேறு அலுவலகத்தில் தர வேண்டிய வேறு புகார். சம்பளப் பாக்கியோடு கூட்டினால் இரண்டு கணக்கும் கெடும்.

ஆதாரமாக, செயலியின் ஸ்கிரீன்ஷாட்டைவிட வங்கி தரும் பிடிஎஃப் பட்டியல் வலுவானது. வேலை உத்தரவு, சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவு, சம்பளம் பற்றிய கடிதங்கள் ஆகியவற்றை வேலையில் இருக்கும்போதே சொந்த இடத்தில் சேமியுங்கள். ராஜினாமா கொடுத்ததுமே அலுவலக மின்னஞ்சலை முடக்கிவிடும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் உங்களைப் பற்றியவற்றை மட்டும் எடுங்கள். வாடிக்கையாளர் பட்டியலையோ நிறுவன ரகசியத்தையோ சேர்த்து எடுத்தால், அதையே உங்கள்மேல் குற்றமாகத் திருப்புவார்கள்.

வாய்ச்சொல்லில் “அடுத்த வாரம் தருகிறோம்” என்றால், “இன்று நீங்கள் சொன்னபடி 55,000 வரும் 15-ஆம் தேதிக்குள் வரும் என்று எடுத்துக்கொள்கிறேன்” என்று அன்றே எழுதி அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாக்கித் தொகையை உறுதிசெய்து ஒரு வரி கேட்டு வாங்கிவிட முடிந்தால் இன்னும் நல்லது. பணம் கையில் இல்லாத நிறுவனம்கூட, நல்ல உறவு இருக்கும்போது அதைத் தந்துவிடும். வேலையை விட்டபிறகு தராது.

வேலையை நிறுத்துவதும் விடுவதும்

சம்பளம் வரவில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்துவிடாதீர்கள். பாக்கிக்காரர் அவர்கள் என்ற கதை, ஓடிப்போனவர் நீங்கள் என்று மாறிவிடும். ராஜினாமாவில் ‘சொந்தக் காரணங்களால்’ என்று மரியாதைக்காக எழுதுவதும் இப்படித்தான் கெடுக்கிறது. மேலே பார்த்த 40,000 நோட்டீஸ் பிடித்தத்துக்கு அந்த இரண்டு சொற்களே பிடிமானம். சம்பளம் தராதது ஒப்பந்தத்தை நிறுவனமே மீறியது என்றும், நோட்டீஸ் இல்லாமல் விலக அது போதுமான காரணம் என்றும் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்கின்றன. ஆனால் அதற்கு முன் எழுத்தில் கெடு கொடுத்திருக்க வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே ராஜினாமாவுக்கு முன்பே தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் வழக்கறிஞரிடமோ கேளுங்கள். கடிதத்தில் பாக்கித் தொகையையும் மாதங்களையும் எழுதுங்கள்.

கடைசியில் வரும் செட்டில்மென்ட் தாளில் ‘முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமைகோரலும் இல்லை’ என்ற வரி இருக்கும். கையில் காசில்லாதவருக்கு அன்று 40,000 பெரிதாகத் தெரியும். அதைத் தெரிந்துதான் அந்த வரியை வைக்கிறார்கள். “40,000-ஐப் பகுதியாகப் பெற்றேன், என் கணக்குப்படி மீதி 65,000-க்கான உரிமையை விடவில்லை” என்று கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள். எழுத விடாமல் பணத்தையும் நிறுத்தினால் கையெழுத்துப் போடாமல் வாருங்கள். அந்தத் தாளின் நகலோடு தொழிலாளர் துறையிடம் போகலாம். 40,000 பாக்கி என்பதை அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்ட சான்று அது.

காத்திருப்பின் எல்லை

சம்பளத்தை ஒழுங்கான இடைவெளியில் தர வேண்டும், வேலை முடிந்தால் இறுதிக் கணக்கை முடிக்க வேண்டும் என்பதை சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு 95-ஆம் உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் புகாருக்கான காலக்கெடு உங்கள் நாட்டுச் சட்டத்தில்தான் இருக்கும். பொதுவாக ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் கெடு தனித்தனியாக ஓடும். அதாவது மிகப் பழைய பாக்கிதான் முதலில் காலாவதியாகும். ஹெச்.ஆரின் வாய்வார்த்தை அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. பல நாடுகளில் நிறுவனம் கையெழுத்திட்ட பாக்கி ஒப்புதல் அதைப் புதிதாகத் தொடங்கவைக்கும். முன்பு சொன்ன அந்த ஒரு வரிக்கு இதனாலும் மதிப்பு.

நிறுவனம் திவாலானால் சம்பளத்துக்கு முன்னுரிமை உண்டு என்று நம்பி ஏழெட்டு மாதம் காத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். அந்த முன்னுரிமைக்குப் பல இடங்களில் எல்லை இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1992-ஆம் ஆண்டு 173-ஆம் உடன்படிக்கை வைக்கும் குறைந்தபட்சமே திவாலுக்கோ வேலை முடிவுக்கோ முந்தைய மூன்று மாதச் சம்பளம்தான். நாட்டுச் சட்டம் அதோடு நின்றால், அதற்கு மேலான பாக்கி நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்கும். எனவே மூன்றாவது மாதம் தொடும்போது பதிவேடும் வங்கிப் பட்டியலும் மின்னஞ்சல் நகல்களும் ஒரே கட்டாக, தேதி வரிசையில், தொழிலாளர் அலுவலரின் மேசைக்குப் போயிருக்க வேண்டும். உங்களோடு பாக்கியுள்ள சக ஊழியர்கள் இருந்தால் அவரவர் பதிவேட்டைத் தனித்தனியாக இணைத்து, ஒரே நாளில் கொடுங்கள்.