லைனிங் ஜாக்கெட் தையல் கோர்ஸ்: மூன்று வருடம் நடத்தியதில் தெரிந்தவை

என் அக்கா தையற்காரர். அவர் தைக்க, நான் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, பணம் வாங்கும் வேலையைப் பார்க்க, தமிழில் ஒரு பதிவு செய்த தையல் வகுப்பு மூன்று வருடமாக ஓடுகிறது. இதுபோல ஒன்று தொடங்க நினைப்பவர்களுக்காக எங்கள் திட்டம் எப்படி அமைந்தது, நாள்பட எது தாங்கியது என்று எழுதுகிறேன்.

முதலில் எல்லை. 'தையல் கற்றுக்கொள்ளுங்கள்' என்று வைத்தால் பாவாடை, சுடிதார், பிரின்சஸ் கட் என்று போய்க்கொண்டே இருக்கும். யாரும் முடிக்க மாட்டார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: நன்றாகப் பொருந்துகிற ஓர் அளவு ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதேபோல ஒரு லைனிங் ஜாக்கெட்டை வெட்டித் தைத்து முடிப்பது. உடம்பில் அளவெடுப்பது பாடத்தில் இல்லை. காரணம் இருக்கிறது. மார்பளவு 36 என்று இரண்டு பேர் சொன்னாலும் ஒருவருக்குத் தோள் சரிந்திருக்கும், இன்னொருவருக்கு முதுகு அகலமாக இருக்கும். அதைச் சரிசெய்யும் கண் நேரில் நின்று பார்த்தால்தான் வரும், வீடியோவில் வராது. அளவு ஜாக்கெட்டில் அந்தத் திருத்தங்களை ஏற்கெனவே யாரோ செய்து வைத்திருக்கிறார்கள்.

இந்த எல்லைக்கு ஒரு விலையும் உண்டு. அளவு ஜாக்கெட்டே சரியில்லை என்றால் புதியதும் அப்படித்தான் வரும். அதனால் முதல் பாடமே அந்த ஜாக்கெட்டைச் சோதிப்பது. போட்டுக்கொண்டு கையை மேலே தூக்கினால் அடிப்பட்டி ஏறக் கூடாது, கொக்கிகளுக்கு நடுவே வாய் பிளக்கக் கூடாது. பல தடவை துவைத்து கழுத்து நெளிந்துபோனதை வைத்து அளவெடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறோம்.

அடுத்து பாடங்களை எங்கே முறிப்பது. நேரக் கணக்கில் 'ஒவ்வொன்றும் பத்து நிமிடம்' என்று அக்கா முதலில் கேட்டார். ஆனால் கற்றுக்கொள்கிறவர் ஒரு கையில் போன், இன்னொரு கையில் துணி என்று இருக்கிறார். அவர் போனைக் கீழே வைக்கும் இடம்தான் பாடம் முடிய வேண்டிய இடம். சாக்பீஸால் வரைந்தாயிற்று, நிறுத்து. டாட் பிடித்தாயிற்று, நிறுத்து. அப்படிப் பிரித்ததில் சில பாடம் நான்கு நிமிடம், சில பாடம் பதினைந்து நிமிடம். அதில் தவறில்லை.

நீளமாக வந்தவை எல்லாம் வெட்டும் பாடங்கள். தையலைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. 36 அளவுக்கு எடுத்துக்கொண்டால், நான்கில் ஒரு பங்கு 9 அங்குலம். தளர்வுக்கு அரை அங்குலம், உள்தையலுக்கு ஒன்றரை அங்குலம் சேர்த்து 11. இதை அக்கா வாயால் சொல்கிறார், டேப்பை வைத்துக் காட்டுகிறார், எண் திரையிலும் நிற்கிறது. முதலில் செய்தித்தாளில் வெட்டச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் லைனிங். காட்டன் லைனிங்கை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும் என்பதையும் அதற்கு முந்தைய பாடத்திலேயே சொல்ல வேண்டியிருந்தது. வெட்டும் நாளில் சொன்னால் ஆர்வத்தில் யாரும் காத்திருப்பதில்லை. ஊறவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி மேல்துணி உப்பிக்கொள்ளும்.

படம் பிடிப்பதில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். வெள்ளைத் துணிக்குச் சிவப்பு நூல் போடுங்கள். துணிக்கு ஏற்ற நிறத்தில் தைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது சின்னத் திரையில் தெரியாது.

அதிகம் பேர் தடுமாறும் இடம் ஜாக்கெட்டின் கை. கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழம். இரண்டு கையையும் ஒரே பக்கமாக வைத்துத் தனித்தனியே வெட்டினால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாகிவிடும். ஒன்று ஒழுங்காக உட்காரும், மற்றது முன்னால் சுருக்கம் விழுந்து இழுக்கும். கற்றுக்கொள்கிறவருக்கு இது தையல் பிழை என்றுதான் தோன்றும். பிரித்துப் பிரித்துத் தைப்பார். அதனால் வெட்டியதும் ஆழமான வளைவில் 'மு' என்று எழுதவும், இரண்டு கையையும் நல்ல பக்கம் உள்ளே வருமாறு ஒன்றன்மேல் ஒன்று வைத்து வளைவுகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கவும் ஒரு தனிப் பாடமே போட்டோம். மூன்று நிமிடம்கூட இல்லை. எங்களுக்கு வரும் கேள்விகளை அதிகம் குறைத்த பாடம் அதுதான்.

தளத்துக்கு வருகிறேன். யுடெமியில் போடலாம். நம் சொந்த இணைப்பு வழியாக வருபவர் கட்டும் தொகையில் வரி போக 97 சதவீதம் நமக்கு. யுடெமியே கொண்டுவந்தால் 37 சதவீதம். வரி போக 500 ரூபாய் நின்றால் முதலாவதில் 485, இரண்டாவதில் 185. தள்ளுபடி விற்பனையில் சேர்ந்தால் அந்த 500-உம் இன்னும் இறங்கும். தேடி வந்து படிக்கும் மென்பொருள் பாடங்களுக்கு அது சரி. எங்களிடம் வருகிறவர்கள் அக்காவின் யூடியூப் பார்த்து, வாட்ஸாப்பில் விசாரிக்கிற பெண்கள். அங்கே தேடுவதில்லை.

மாத வாடகைக்கு நம் பெயரில் செயலி கட்டித் தரும் ஒரு நிறுவனத்திலும் இருந்தோம். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் ஓடிபி வரவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற அழைப்புகள் தையல் சந்தேகங்களைவிட அதிகம். இன்னொன்றையும் கணக்குப் போட வேண்டும்: 'வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாம்' என்று விற்றால் பணம் ஒரு தடவை வரும், வாடகை மாதாமாதம் போகும். நாங்கள் ஒரு வருடம் என்று குறித்துவிட்டோம். யாரும் முகம் சுளிக்கவில்லை.

இப்போது இருப்பது யூடியூபின் அன்லிஸ்டட் வீடியோக்களும் ஒரு வாட்ஸாப் குழுவும். தொட்டால் திறக்கும், நெட் மெதுவானால் தானே தரத்தைக் குறைத்துக்கொள்ளும். இணைப்பு கிடைத்த யாரும் பார்க்கலாம் என்பது குறைதான். பிரைவேட்டாக வைத்து மின்னஞ்சல் வழியாக அழைத்தால் ஒரு வீடியோவுக்கு 50 பேர்தான். இணைப்பு வெளியே போவது தெரிந்தும் விட்டிருக்கிறோம், ஏனென்றால் நாங்கள் காசு வாங்குவது வீடியோவுக்கு அல்ல, அக்காவின் திருத்தத்துக்கு.

விலை அங்கேதான் முடிவாகிறது. சாக்பீஸ் கோடு போட்ட துணி, டாட் பிடித்த முன்பாகங்கள், பொருத்துவதற்கு முன் இரண்டு கைகள் என்று ஒவ்வொருவரும் மூன்று படம் அனுப்ப வேண்டும். அக்கா பார்த்துக் குரல் செய்தியில் பதில் சொல்வார். ஒருவருக்கு எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே ஒரு தொகுதிக்கு 20 பேர், கட்டணம் 1,500 ரூபாய். பேமெண்ட் கேட்வே 2 சதவீதம் 30 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5.40, கைக்கு வருவது 1,464.60. 20 பேருக்கு ஏறக்குறைய 29,000 ரூபாய், அக்காவுக்குப் பத்து மணி நேரத் திருத்த வேலை.

திருத்தம் இல்லாமல் வீடியோ மட்டும் 600 ரூபாய் என்றும் விற்றுப் பார்த்தோம். வாங்கியவர்கள் எப்படியும் படத்தை அனுப்பி 'அக்கா, இது சரியா?' என்று கேட்டார்கள். முகத்துக்கு நேராக மறுக்க அவரால் முடியவில்லை. அந்த விலையை எடுத்துவிட்டோம். இப்போது அளவு ஜாக்கெட்டைச் சோதிக்கும் முதல் பாடம் மட்டும் இலவசம். அதைப் பார்த்துவிட்டு, தன் ஜாக்கெட்டின் அளவுகளை எழுதி அனுப்புகிறவர்களிடம்தான் அடுத்த தொகுதி எப்போது என்றும் கட்டணம் எவ்வளவு என்றும் சொல்கிறோம்.