தளம் நிரப்பித் தருவதா, நாமே சேர்க்கும் கோப்பா? சம்பளக்காரரின் ஐடி ரிட்டர்னுக்கு இரண்டு வழிகள்

வருமான வரித் தளத்தில் இப்போது ரிட்டர்ன் படிவத்தைத் திறந்தாலே பாதி வேலை முடிந்திருக்கிறது. சம்பளம், டிடிஎஸ், வங்கி வட்டி எல்லாம் நிரம்பியே வருகின்றன. அதை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினால் போதுமா? இல்லை, சம்பள ஸ்லிப், டெபாசிட் விவரம், முதலீட்டு ஆதாரம் என்று ஆண்டு முழுக்க நாமே ஒரு கோப்பு சேர்த்துக்கொண்டு வர வேண்டுமா? இரண்டையும் செய்து பார்த்த பிறகு நான் கோப்பின் பக்கம் வந்துவிட்டேன். தளத்தின் கணக்கு தப்பு என்பதற்காக அல்ல. அது சரியாகவே சொல்கிறது, ஆனால் ஜூன் மாதத்தில்தான் சொல்கிறது. என் முடிவுக்கு அந்தத் தாமதம்தான் காரணம்.

முதலில் தளத்தின் வழியைப் பார்த்துவிடலாம். நிறுவனங்கள் ஃபார்ம் 16-ஐ ஜூன் 15-க்குள் தர வேண்டும். மார்ச் காலாண்டின் டிடிஎஸ் கணக்கும், வங்கிகள் துறைக்குத் தரும் வட்டி விவரமும் மே 31 வரை போய்க்கொண்டிருக்கும். இவை எல்லாம் சேர்ந்த பிறகுதான் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையும், நம் பெயரில் அரசுக்கு வந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ்-உம் முழுமையாகும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் அவசரப்பட்டு ரிட்டர்ன் போடுவதில் பொருளில்லை. ஜூன் கடைசியில் போட்டால் நிரப்பிய விவரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரே நிறுவனத்தில் வேலை, ஒரே சேமிப்புக் கணக்கு, புதிய வரிமுறை, டெபாசிட் ஒன்றும் இல்லை என்பவருக்கு இந்த வழியே போதும். அவரைக் கோப்பு சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

டெபாசிட் இருப்பவர்தான் நின்று யோசிக்க வேண்டும். ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

2023 ஏப்ரல் தொடக்கத்தில் ஒருவர் 5,00,000 ரூபாயை 7 சதவீதத்தில், மூன்று ஆண்டுக்கு, வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் டெபாசிட்டாகப் போடுகிறார் என்று வையுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும். முதல் ஆண்டு வட்டி சுமார் 35,930 ரூபாய். இரண்டாம் ஆண்டு 38,511. மூன்றாம் ஆண்டு, அதாவது 2025-26 நிதியாண்டில், 41,279. வங்கியில் வேறு டெபாசிட் இல்லை. முதல் இரண்டு ஆண்டும் டிடிஎஸ் பிடிப்பதற்கான வரம்பு 40,000 ரூபாய். 2025 ஏப்ரலில் இருந்து 50,000. ஆக மூன்று ஆண்டும் வட்டி வரம்புக்குக் கீழேயே இருக்கிறது. ஒரு ரூபாய் டிடிஎஸ் பிடிக்கவில்லை, சேமிப்புக் கணக்கிலும் ஒரு ரூபாய் வந்து விழவில்லை. கையில் வந்தால்தானே வருமானம் என்று பலர் இங்கேதான் நினைத்துவிடுகிறார்கள். டிடிஎஸ் பிடிக்காதது வரி இல்லை என்பதற்கு அடையாளம் இல்லை. வங்கி அந்தந்த ஆண்டு சேர்ந்த வட்டியை அந்தந்த ஆண்டே உங்கள் பான் எண்ணில் துறைக்குச் சொல்லிவிடுகிறது.

இனி அவருடைய சம்பளம். ஆண்டுக்கு 12,75,000 ரூபாய், புதிய வரிமுறை. நிலையான கழிவு 75,000 போனால் வரிக்குரிய வருமானம் சரியாக 12 லட்சம். 2025-26-க்கு 12 லட்சம் வரை தள்ளுபடி உண்டு என்பதால் வரி பூஜ்யம். நிறுவனமும் டிடிஎஸ் பிடிக்கவில்லை, ஃபார்ம் 16-இலும் பூஜ்யம்தான். அவர் நிம்மதியாக இருக்கிறார்.

ஜூன் மாதம் தளத்தைத் திறந்தால் 41,279 ரூபாய் வட்டி நிரம்பி நிற்கிறது. வரிக்குரிய வருமானம் 12,41,279 ஆகிவிட்டது. 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடும். அடுக்குப்படி கணக்கிட்டால் வரி 66,000 ரூபாய்க்கு மேல் வரும். நல்லவேளையாக, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக்கூடாது என்ற விளிம்பு நிவாரணம் இருக்கிறது. அதன்படி வரி சுமார் 41,280. அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் சுமார் 42,930 ரூபாய். ஆண்டு வட்டி 41,279, அதனால் வந்த வரி 42,930. வட்டி முழுவதும் போய், கையில் இருந்தும் கொஞ்சம் போகிறது.

இத்தோடும் நிற்காது. கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயை எட்டினால் அதை முன்கூட்டிய வரியாக ஆண்டுக்குள்ளேயே கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் ஜூலையில் கட்டினால் 234பி, 234சி பிரிவுகளின்படி இரண்டு விதத் தாமத வட்டி சேரும். இந்தக் கணக்கில் இரண்டும் சேர்ந்து சுமார் 3,900 ரூபாய்.

தளத்தின் மீது இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சரியாகவே காட்டியது. ஆனால் ஆண்டு மார்ச் 31-லேயே முடிந்துவிட்டது, இனி எதையும் மாற்ற வழியில்லை. இதே மனிதர் டிசம்பரிலோ ஜனவரியிலோ வங்கியின் டெபாசிட் விவரத்தை எடுத்து, மார்ச் வரை சேரப்போகும் வட்டியையும் கூட்டிப் பார்த்திருந்தால் இரண்டு வழிகள் இருந்திருக்கும். ஒன்று, நிறுவனம் சம்மதித்தால் சம்பளத்தில் ஒரு பகுதியை என்பிஎஸ் என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கு நிறுவனத்தின் பங்களிப்பாக மாற்றிக்கொள்வது. புதிய வரிமுறையிலும் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை இதற்குக் கழிவு உண்டு. 41,280 ரூபாயை அப்படி மாற்றியிருந்தால் வருமானம் மறுபடி 12 லட்சத்துக்குள் வந்திருக்கும், வரி பூஜ்யமாகியிருக்கும். ஓய்வுக்காலம் வரை பணம் பூட்டிக் கிடக்கும் என்பதை யோசித்துத்தான் இதைச் செய்ய வேண்டும். இரண்டாவது வழி, நிறுவனம் சம்மதிக்காவிட்டால், வட்டி வருமானத்தைச் சம்பளப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்து மீதி மாதங்களில் டிடிஎஸ் பிடிக்கச் சொல்வது, அல்லது மார்ச் 15-க்குள் தளத்தில் e-Pay Tax பகுதியில் தானே கட்டிவிடுவது. வரி குறையாது, ஆனால் தாமத வட்டியில் பெரும்பகுதி தவிரும்.

பணத்தை மனைவி பெயரில் போட்டுவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் கொடுத்த பணத்தில் மனைவி பெயரில் சேரும் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். அதனால் அது வழியில்லை.

டெபாசிட் விவரத்தை எப்படி எடுப்பது? நெட் பேங்கிங்கில் நிதியாண்டுக்கான வட்டிச் சான்றிதழ் கிடைக்கும். டெபாசிட் ரசீதில் இருப்பது முதிர்வுத் தொகை, அதை வைத்து ஆண்டு வட்டியைப் பிரிக்க முடியாது. பாஸ்புக்கிலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான் தெரியும். சான்றிதழில் உள்ள தொகையை ஏஐஎஸ்-இல் அதே வங்கியின் பதிவோடு ஒப்பிட வேண்டும். டிடிஎஸ் பிடித்த வட்டி சில சமயம் டிடிஎஸ் பகுதியில் ஒருமுறை, வங்கி தனியாகத் தந்த தகவலில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் தெரியும். அதை இரண்டு வருமானம் என்று கூட்டிவிடக்கூடாது. மாறாக, பான் எண் கொடுக்காமல் எப்போதோ போட்ட டெபாசிட் அதில் தெரியாமலே இருக்கலாம். தெரியாவிட்டாலும் அந்த வட்டியைக் காட்ட வேண்டியது நம் பொறுப்புதான்.

சம்பள ஸ்லிப் விஷயத்துக்கு வருவோம். ஃபார்ம் 16 இருக்கும்போது பன்னிரண்டு ஸ்லிப் எதற்கு என்று கேட்பார்கள். ஒரே நிறுவனத்தில் ஆண்டு முழுக்க இருந்தவருக்கு மார்ச் ஸ்லிப்பின் ஆண்டு மொத்தத்தை ஃபார்ம் 16-ஓடு ஒப்பிட்டால் போதும். ஆனால் இரண்டு நிலைமையில் எல்லா ஸ்லிப்பும் வேண்டும். நடுவில் வேலை மாறியவருக்கு இரண்டு ஃபார்ம் 16 வரும். புது நிறுவனத்துக்குப் பழைய சம்பளத்தைச் சொல்லாவிட்டால் 75,000 கழிவையும் வரியில்லாத முதல் அடுக்கையும் இரண்டு பேருமே தந்திருப்பார்கள், கடைசியில் பெரிய பாக்கி நிற்கும். இன்னொன்று, நிறுவனம் சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் விடுவது. அப்போது 26ஏஎஸ்-இல் அந்தத் தொகை வராது, நிரப்பிய படிவத்திலும் வராது. வருமான வரிச் சட்டம் 205-ஆம் பிரிவின்படி, பிடித்த வரியை ஊழியரிடம் மறுபடி கேட்க முடியாது. ஆனால் பிடித்தார்கள் என்று நாம் காட்ட வேண்டும். அதற்குக் கையில் இருப்பது சம்பள ஸ்லிப்பும், ஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகையே கணக்கில் வந்ததைக் காட்டும் வங்கி அறிக்கையும்தான்.

முதலீட்டு ஆதாரம் பழைய வரிமுறையில் இருப்பவருக்கே பெரும்பாலும் வேலை தரும். நாம் பார்த்த நபருக்குப் பழைய முறை உதவுமா என்று போட்டுப் பார்த்தேன். அந்த 42,930 ரூபாய் வரிக்கு இணையாக வர, 50,000 நிலையான கழிவு போக இன்னும் சுமார் 6.2 லட்சம் ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். 80சி-யில் அதிகபட்சம் 1.5 லட்சம், வீட்டுக் கடன் வட்டியில் 2 லட்சம். பெரிய வாடகைப்படியும் இருந்தால் ஒழிய எட்டாது. பழைய முறையில் இருப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். வீட்டுக் கடனுக்கு ஆண்டு நடுவில் வங்கி தருவது உத்தேசச் சான்றிதழ். ரிட்டர்னுக்கு வேண்டியது மார்ச்சுக்குப் பிறகு வரும் இறுதிச் சான்றிதழ். அப்புறம் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியிருந்தால் 80டி கழிவு கிடைக்காது. நிறுவனத்திடம் ஆதாரம் கொடுக்கும் தேதி தவறிப்போனாலும் 80சி, 80டி கழிவுகளை ரிட்டர்னில் நேரடியாகக் கேட்கலாம். ஆனால் பழைய முறை வேண்டும் என்று அந்த ரிட்டர்னிலேயே, கெடு தேதிக்குள் சொல்லியாக வேண்டும்.

கோப்பு வழிக்கு உழைப்பு கூடுதல் என்பதை மறுக்கவில்லை. எல்லா டெபாசிட்டும் ஒரே வங்கியில் இருந்தால் ஒரு மாலைப்பொழுது போதும். நான்கைந்து இடத்தில் சிதறியிருந்தால் அலைச்சல்தான். பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விற்று லாபம் பார்ப்பவர்களுக்கு எந்த வழி நல்லது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. என் அனுபவம் சம்பளமும் டெபாசிட்டும் மட்டுமே.

எந்த வழியில் போனாலும், ரிட்டர்ன் அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வழியாகவோ நெட் பேங்கிங் வழியாகவோ சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். அந்தக் கெடு தாண்டினால், சரிபார்த்த தேதியில்தான் ரிட்டர்ன் போட்டதாகக் கொள்வார்கள், தாமதக் கட்டணமும் வரலாம்.