வற்றுப்பெருக்கு முதலா, காற்று முதலா? கொக்கிளாய் முகத்துவாரத்துக்கு இரண்டு ஸ்கிரீன்ஷொட்

எங்கள் வீட்டு வட்ஸ்அப் குழுவில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு இரண்டு படங்கள் வந்து விழும். ஒன்று வற்றுப்பெருக்கு அட்டவணை, மற்றது காற்று முன்னறிவிப்பு. இரண்டும் ஸ்கிரீன்ஷொட். கிளிநொச்சியில் இருக்கும் மருமகன் அனுப்புவான், ஏனென்றால் கரையில் சிக்னல் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். அந்த இரண்டையும் வைத்து மாமா ஒரு நேரம் சொல்லுவார், அத்தான் இன்னொரு நேரம் சொல்லுவார். படகு ஒன்றுதான்: 18 அடி பைபர் போட், 15 குதிரைவலு எஞ்சின்.

மாமாவின் முறை தண்ணீர் முதல். "தண்ணி இருந்தாத்தான் தம்பி வழி. காத்த பிறகு பாப்பம்" என்பார். கொக்கிளாய்க் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல் திட்டைத் தாண்டப் போதுமான தண்ணீர் எப்போது என்று முதலில் குறித்துவிட்டு, அந்த நேரத்துக்குள் காற்று மோசமா என்று ஒரு பார்வை பார்ப்பார். அத்தான் காற்று முதல். 12 நொட்டுக்குக் கீழே உள்ள கட்டங்களை எல்லாம் போகலாம் என்று எடுத்துக்கொண்டு, தண்ணீரைக் கடைசியில் பார்ப்பார். நான் செய்வது மூன்றாவது: பழைய கொப்பித் தாளில் மணித்தியாலம் மணித்தியாலமாகக் கோடு போட்டு, இரண்டு படத்தையும் ஒரே வரியில் இறக்குவது. பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடம் தேவையா என்பதுதான் வீட்டில் உள்ள வழக்கு.

முறைகளை ஒப்பிட முன் படங்களையே பார்க்க வேண்டும், ஏனென்றால் அவை ஒரே மாதிரியானவை இல்லை. வற்றுப்பெருக்கு சந்திரனையும் சூரியனையும் வைத்துக் கணக்கிடுவது. இன்றைய திகதிக்கான அட்டவணையை ஒரு மாதத்துக்கு முன் எடுத்து வைத்திருந்தாலும் அது அப்படியே செல்லும். காற்றுப் படம் பழசாகும். முன்னறிவிப்பு மாதிரிகளைப் பொறுத்து ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு தடவை புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. நேற்றுக் காலை எடுத்த படத்தில் நாளைக்கு 8 நொட் என்று இருந்தால், இன்று பின்னேரம் அதே நாளுக்கு 13 என்று மாறியிருக்கலாம். ஆனால் ஸ்கிரீன்ஷொட் மாறாது, பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும். ஆகவே மருமகனுக்கு எங்கள் வீட்டுச் சட்டம்: படத்தை வெட்டாதே. மேலே போனின் நேரம், இடத்தின் பெயர், அலகு மூன்றும் தெரிய வேண்டும்.

அலகில் ஒருமுறை நாங்கள் பட்டிருக்கிறோம். வெட்டி அனுப்பிய படத்தில் 8 என்று இருந்தது. 8 நொட் என்று நினைத்துப் போனோம். அது செக்கனுக்கு 8 மீற்றர். ஒரு மீற்றர்/செக்கன் கிட்டத்தட்ட இரண்டு நொட், அதாவது பதினைந்தரை நொட் காற்று. வலையை இழுத்து முடிக்க முன்னரே கடல் முழுக்க வெள்ளை நுரை. வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பகுதிகளுக்கான காற்றை மணிக்குக் கிலோமீற்றரில்தான் சொல்கிறது. அங்கே 30 என்றால் 16 நொட். ஒரே எண்ணுக்கு மூன்று பொருள். திணைக்களம் கடற்றொழிலாளருக்கு எச்சரிக்கை விட்ட நாளில் எந்தப் படத்தையும் விரிக்கத் தேவையில்லை.

இன்னொரு பொறி நேரம். சில தளங்கள் உலகப் பொது நேரத்தில், UTC என்று போட்டு, காட்டும். எங்கள் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. மேல்வரி வெட்டுப்பட்டிருந்தாலும் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அமைதியான பருவத்தில் கடற்காற்று முற்பகலில் எழும்பிப் பிற்பகலில் உச்சம் போகும். படத்தில் அந்த உச்சம் காலை எட்டு ஒன்பது மணிக் கட்டத்தில் நின்றால், அது எங்கள் நேரம் இல்லை.

இனி ஒரு நாளை எடுத்து மூன்று முறையையும் ஓட்டிப் பார்ப்போம். வாடை அடங்கி, கச்சான் இன்னும் பிடிக்காத சித்திரை மாதக் காலை என்று வையுங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான். அட்டவணையில் அதிகாலை 2:40க்கு வற்று 0.1 மீற்றர், 8:55க்குப் பெருக்கு 0.6, பிற்பகல் 3:10க்கு வற்று 0.2. காற்றுப் படம் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு கட்டம்: 5 மணிக்கு மேற்கிலிருந்து 6 நொட், 8 மணிக்கு 4, 11 மணிக்குக் கிழக்கு-தென்கிழக்கிலிருந்து 10, 2 மணிக்குக் கிழக்கிலிருந்து 13, இடையிடையே எழும் வீச்சு 18.

அட்டவணையில் உள்ள 0.6 என்பது தண்ணீரின் ஆழம் என்று நினைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஒரு குறிப்பு மட்டத்துக்கு மேலே உள்ள உயரம். திட்டில் எவ்வளவு ஆழம் என்று அட்டவணைக்குத் தெரியாது. அதை நாங்கள்தான் அளக்க வேண்டும். அமைதியான ஒரு காலை, அட்டவணைப்படி 0.3 இருக்கவேண்டிய நேரத்தில் திட்டின் மேட்டில் மரக்கோலை ஊன்றிப் பார்த்தால் 0.6 மீற்றர் தண்ணீர் என்று வையுங்கள். அப்படியென்றால் அட்டவணை எண்ணோடு எப்போதும் 0.3ஐக் கூட்டினால் திட்டின் ஆழம். முல்லைத்தீவுக்கு என்று ஆப் காட்டும் நேரத்துக்கும் முகத்துவாரத்தின் உண்மை நேரத்துக்கும் உள்ள வித்தியாசமும் இந்தக் கோலில் பாதி அடிபட்டுப் போகும். ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் திரும்ப அளக்க வேண்டும். வெள்ளம் வெட்டிக்கொண்டு போன முகத்துவாரம் பழைய முகத்துவாரம் இல்லை.

இடைப்பட்ட மணிகளுக்குப் பன்னிரண்டில் பங்கு போடும் பழைய கணக்கு போதும். வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள நேரத்தை ஆறாகப் பிரித்தால், தண்ணீர் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்காக ஏறும். எங்கள் நாளில் 0.5 மீற்றர் ஏற்றம், ஒவ்வொரு ஆறில் ஒன்றும் ஏறக்குறைய 62 நிமிடம். என் தாளில் வருவது இது:

| நேரம் | அட்டவணை (மீ) | திட்டில் ஆழம் (மீ) | காற்று |
|---|---|---|---|
| 4:45 | 0.23 | 0.53 | மேற்கு 6 |
| 5:45 | 0.35 | 0.65 | மேற்கு 6 |
| 6:50 | 0.48 | 0.78 | மேற்கு 5 |
| 8:55 | 0.60 | 0.90 | திரும்புகிறது |
| 11:00 | 0.50 | 0.80 | கி-தெகி 10 |
| 1:05 | 0.30 | 0.60 | கிழக்கு 12 |

போகும்போது படகு வெறும் படகு. எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கோலால் தள்ளினால் 0.5 மீற்றர் போதும். 4:45க்கு வெளியே போகலாம். வரும்போது வலையும் மீனும் பாரம், எஞ்சின் ஓடவேண்டும், அலைப் பள்ளத்துக்கும் இடம் விடவேண்டும், 0.8 கேட்கிறேன். ஆகவே திரும்பும் வாசல் ஏழு மணியிலிருந்து பதினொரு மணிவரை. மாமாவின் விடை இதேதான்: பதினொரு மணிக்குள் வா. அத்தானின் விடை: காற்று 12 நொட்டைத் தொடுவது ஒரு மணிக்கு, அதுவரை வலை போடலாம். அத்தானை நம்பி ஒரு மணிக்கு வந்தால் திட்டில் 0.6 மீற்றர், அதன் மேல் கிழக்குக் காற்று எழுப்பிய அலை. ஒவ்வொரு பள்ளத்திலும் எஞ்சின் கால் மணலைத் தட்டும். அந்த ஒப்பீடு இலேசு, அத்தான் தோற்றார்.

மாமாவின் பதினொரு மணிதான் சிக்கல். அவர் ஆழத்தை மட்டும் பார்க்கிறார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர் கணக்கில் இல்லை. களப்பு ஒடுங்கிய வாயால் மூச்சு விடுகிறது. கடலில் 8:55க்குப் பெருக்கு முடிந்தாலும், களப்பின் மட்டம் கடல் மட்டத்தை எட்டும்வரை தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கும். அது ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ தாமதிக்கலாம். பிறகு திரும்பி வெளியே பாயும். அந்த நேரத்தில் கிழக்குக் காற்று கடலிலிருந்து உள்ளே அடித்தால், வெளியே பாயும் நீரோட்டமும் உள்ளே வரும் அலையும் முகத்துவாரத்தில் முட்டிக்கொள்ளும். அலை உயரமாகி, ஒடுங்கி, செங்குத்தாக எழும்பி உடையும். வெளியே 10 நொட்டில் ஒன்றும் தெரியாத கடல், வாயில் மட்டும் கொதிக்கும். 0.8 மீற்றர் ஆழம் இருந்தும் படகு குறுக்கே திரும்பிக் கவிழக்கூடிய இடம் அதுதான்.

இது இரண்டு படத்தில் எதிலும் தனியாகத் தெரியாது. ஒரே வரியில் வைத்தால் மட்டும் தெரியும்: தண்ணீர் திரும்பும் நேரமும் காற்று திரும்பும் நேரமும் கிட்டக் கிட்ட வருகின்றன. 8க்கும் 11க்கும் இடையில் காற்று எப்போது கிழக்குக்கு மாறுகிறது என்றும் படம் சொல்லவில்லை, ஒன்பதரைக்கும் மாறலாம். ஆகவே நான் தாளில் எழுதுவது 9:30. மாமாவின் கணக்கில் ஒன்றரை மணித்தியாலம் வெட்டுகிறேன். அவருக்கு அது பிடிக்காது. "உன்ர தாளில மீன் ஏறாதடா" என்பார். உண்மைதான், ஆனால் முகத்துவாரத்தில் நுரையும் சருகும் கடல் பக்கம் ஓடத் தொடங்கினதை அவரே முதலில் கண்டு எஞ்சினை முடுக்குவார், தாளைப் பார்க்கமாட்டார்.

மழைக்குப் பிறகு என் தாளும் பொய்க்கும். ஆறுகள் களப்பை நிரப்பியிருந்தால், பெருக்கு நேரத்திலும் தண்ணீர் வெளியேதான் பாயும். உள்ளோட்டமே இராத நாட்களும் உண்டு. அந்த நாட்களில் கிழக்குக் காற்று என்று கண்டால் நேரக்கணக்குப் போடுவதை விட்டுவிடுகிறேன்.

கச்சான் காலத்தில் மூன்று முறைக்கும் வேறு ஒரு சோதனை வரும். ஆனி ஆடியில் காற்று மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். முகத்துவாரத்தில் கடல் எண்ணெய் பூசினது போலக் கிடக்கும். அத்தானின் 12 நொட் எல்லைக்குத் திசை தெரியாது. போகும்போது காற்று முதுகில், வரும்போது முகத்தில். எஞ்சின் நின்றால் படகு போகும் பக்கம் வங்காள விரிகுடா. அந்தக் காலத்தில் எல்லையை 8க்கு இறக்கி, கரை தெரியும் தூரத்தைத் தாண்டாமல் இருப்பது எங்கள் வழக்கம். வற்றுப்பெருக்குப் படம் அப்போது கிட்டத்தட்ட இரண்டாம்பட்சம்.

முல்லைத்தீவின் திறந்த மணற்கரையில் படகு இறக்குகிறவர்களுக்கு அத்தானின் முறையே போதும். அரை மீற்றர் ஏற்ற இறக்கம் அங்கே கரைக்கோட்டைச் சில அடி தள்ளும், அவ்வளவுதான். நாச்சிக்குடா, பூநகரிப் பக்கத்துச் சேற்றுத் தரைக்கு அப்படியில்லை. அதே அரை மீற்றர் அங்கே தண்ணீரைக் கண்ணுக்கெட்டாத தூரம் கொண்டுபோய்விடும், அதனால் மாமாவின் முறை அங்கே ஆளும். ஆனால் ஆழமில்லாத அந்தக் கடலில் நாள்கணக்காக ஒரே பக்கம் அடிக்கும் காற்றே தண்ணீரைத் தள்ளிச் சேர்க்கும், அல்லது இழுத்துக்கொண்டு போகும். அப்போது அட்டவணை 0.4 என்று சொல்லிக்கொண்டிருக்க, படகு சேற்றில் குந்தியிருக்கும். அங்கே தொழில் செய்கிற எங்கள் உறவுக்காரர் ஒருவர் வாடிக்கு முன்னால் ஒரு கம்பு நட்டு, கோடு கீறி வைத்திருக்கிறார். அட்டவணைக்கும் கோட்டுக்கும் ஒரு சாண் வித்தியாசம் கண்டால் அன்றைக்கு அட்டவணைப் படத்தைப் போனில் திறப்பதில்லை.