குண்டுமல்லி வாசனையை மூன்று வழிகளில் கட்டிப் பார்த்தபோது

காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே சோப்பு செய்து விற்கும் ஒரு பெண்மணி, தருமபுரியில் சிறு அளவில் வாசனைக் கலவைகள் செய்து தரும் என்னிடம் வந்து, "அண்ணா, கெமிக்கல் கலக்காத மல்லி வாசனை வேணும், லேபிள்ல இயற்கைன்னு போடணும்" என்று கேட்டார். கேட்பது எளிது. ஆனால் அவர் மனத்தில் இருந்த "கெமிக்கல்" எது, "இயற்கை" எது என்பதை விளக்க நான் மூன்று கலவைகளைச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அந்த ஒப்பீட்டையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். வாசனைத் தொழிலில் அக்கார்டு என்பது, பல மூலப்பொருள்கள் சேர்ந்து, தனித்தனியாகத் தெரியாமல், ஒரே மணமாக மூக்கில் படும் கலவை. நம் வீட்டு ரசத்தில் புளி, மிளகு, சீரகம் மூன்றும் தனியாக நிற்காமல் "ரசம்" என்றே தெரிவதைப் போன்றது அது. குண்டுமல்லிக்கு அப்படி ஓர் அக்கார்டு கட்ட வேண்டும் என்பதே எங்கள் வேலை.

முதல் வழி, பூவிலிருந்தே எடுத்த அப்சொல்யூட். காலையில் பறித்த குண்டுமல்லி மொட்டு அப்போது மணக்காது. மாலையில் விரியும்போதுதான் மணத்தை வெளியிடும். அதனால் ஆலையில் மொட்டுகளைப் பரப்பி வைத்து, இரவில் விரிந்த பிறகே ஹெக்சேன் என்னும் கரைப்பானில் ஊறவைக்கிறார்கள். ஹெக்சேனை ஆவியாக்கி எடுத்துவிட்டால் மெழுகு போன்ற பொருள் ஒன்று மிஞ்சும். அதற்குத் தொழிலில் கான்கிரீட் என்று பெயர், கட்டடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் நீக்கினால் வருவதுதான் அப்சொல்யூட். ஆயிரம் கிலோ குண்டுமல்லிக்குச் சுமார் ஒன்றரை கிலோ கான்கிரீட் கிடைக்கும். அதில் ஏறக்குறைய பாதிதான் அப்சொல்யூட் ஆகும். அதாவது 1 கிராம் அப்சொல்யூட்டுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ மொட்டு வேண்டும். இந்த ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படுவது என்பதையும், மொட்டுப்புழுவுக்காக அடித்த மருந்தின் எச்சம் பூவில் இருந்தால் அதுவும் கரைப்பானோடு சேர்ந்து வரக்கூடும் என்பதையும் "முழுக்க இயற்கை" என்னும் லேபிள் சொல்வதில்லை. மேலும், தை மாதக் கல்யாணச் சீசனில் மண்டியில் பூ விலை ஏறியிருக்கும்போது ஆலைகள் வாங்குவது அரிது. வரத்து மிகுந்து விலை சரியும் கோடையில்தான் பெரும்பாலும் வாங்குகின்றன. ஆகவே அப்சொல்யூட்டின் மணமே அந்தப் பருவத்துப் பூவின் மணம்தான்.

இரண்டாவது வழி, தனி மூலக்கூறுகளைக் கொண்டு கட்டுவது. குண்டுமல்லியை ஆராய்ந்தால் லினலூல், பென்சைல் அசிட்டேட், மெத்தில் ஆந்த்ரனிலேட், இண்டோல், பச்சை இலை வாசனை தரும் ஹெக்சினைல் எஸ்டர்கள் ஆகியவை தென்படும். இவற்றை எடைபோட்டுக் கலந்தால் மல்லிகையின் சாயல் வரும். நான் 100 பங்குக்கு எழுதிய கணக்கு இது: ஹெடியோன் 28, பென்சைல் அசிட்டேட் 27, லினலூல் 20, பென்சைல் சாலிசிலேட் 10, மெத்தில் ஆந்த்ரனிலேட் 4, சிஸ்-3-ஹெக்சினைல் பென்சோயேட் 2, மீதம் 9 பங்கில் 6 பங்கு இண்டோலின் பத்து விழுக்காட்டுக் கரைசல், 3 பங்கு சிஸ்-3-ஹெக்சினைல் அசிட்டேட்டின் பத்து விழுக்காட்டுக் கரைசல். இண்டோலை மட்டும் தனியே முகர்ந்தால் பீரோவில் போடும் பாச்சை உருண்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் கலவையில் அரைப்பங்குக்கு மேல் ஒரு பங்கு வரை சேரும்போது, விரிந்து வாடத் தொடங்கும் பூவின் அந்த முதிர்ந்த கனத்தை அதுவே தருகிறது. அதை நான் முதல் முயற்சியில் இரண்டு பங்காக்கிவிட்டேன். காகிதப் பட்டையை முகர்ந்த என் மனைவி, "இது மல்லி இல்ல, மல்லிப்பூவை மூணு நாள் டப்பாவுல அடைச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னதே சரி.

ஹெடியோனைப் பற்றி ஒரு வார்த்தை கூற வேண்டும். மெத்தில் ஜாஸ்மோனேட் என்பது சாதிமல்லியில் உள்ள ஒரு பொருள். அதன் நெருங்கிய உறவான மெத்தில் டைஹைட்ரோஜாஸ்மோனேட்டின் வணிகப் பெயரே ஹெடியோன். 1966-இல் வெளிவந்த டியோரின் 'ஓ சவாஜ்' வாசனையில் அது முக்கிய இடம் பெற்றது முதல், மல்லிகைச் சாயலுள்ள வாசனைகளில் அது இல்லாமல் காண்பது கடினமாகிவிட்டது. தனியே முகர்ந்தால் எலுமிச்சை கலந்த மெல்லிய பூ வாசனைதான். ஆனால் மற்றவற்றுக்கு நடுவே காற்றோட்டத்தைத் திறந்துவிடுவது போல இருக்கும். அந்தக் காற்று அப்சொல்யூட்டில் கிடையாது.

மூன்றாவது வழிதான் மிகவும் வியப்பானது. மல்லிகையே இல்லாமல், வேறு தாவரங்களின் எண்ணெய்களைக் கொண்டு மல்லிகை கட்டுவது. மனோரஞ்சிதம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த இலாங்-இலாங் பூவின் எண்ணெயில் பென்சைல் அசிட்டேட்டும் லினலூலும் இருக்கின்றன. கொத்தமல்லி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல்தான். நம் மண்டியில் மூட்டை மூட்டையாக இறங்கும் அதே கொத்தமல்லி விதைதான். இவற்றோடு ஆரஞ்சு இலை எண்ணெய் சிறிது சேர்த்தேன். கலவையில் ஒரு சொட்டு செயற்கையும் இல்லை, ஒரு சொட்டு மல்லிகையும் இல்லை. ஆனால் "முழுக்கத் தாவர எண்ணெய்களால் ஆன மல்லிகை வாசனை" என்று எழுதினால் அது பொய்யாகாது. வாங்குபவர் அதைப் படித்து எதை நினைத்துக்கொள்வார் என்பது எனக்கு உறுத்துகிறது.

மூன்றையும் பத்து விழுக்காடு வீதம் ஆல்கஹாலில் கரைத்து, காகிதப் பட்டைகளில் தொட்டு, பக்கத்தில் மண்டியிலிருந்து வாங்கி வந்த ஒரு முழம் மல்லியையும் வைத்தேன். முதல் பத்து நிமிடத்தில் உண்மைப் பூவுக்கு அருகில் நின்றது இரண்டாவது கலவைதான். பச்சை வாசனையும் இனிப்பும் அப்படியே வந்தன. அப்சொல்யூட் தேயிலையும் தேனும் சேர்ந்தது போலக் கனமாக இருந்தது. ஆலையில் ஊறும்போதும் ஆவியாகும்போதும் பூவின் மேலோட்டமான மணம் கொஞ்சம் கரைந்துபோவதே காரணம். மூன்றாவது கலவையில் வாழைப்பழமும் கிராம்பும் எட்டிப் பார்த்தன. நான்கு மணி நேரம் கழித்து நிலைமை மாறியது. பென்சைல் அசிட்டேட் ஆவியாகிவிட, இரண்டாவது கலவை மெலிந்து ஹெடியோனும் சாலிசிலேட்டும் மட்டும் நின்றன. அப்சொல்யூட்டோ மறுநாள் காலையிலும் பூவாகவே இருந்தது. அதற்குக் காரணம், நான் எழுதிய எட்டுப் பொருள்களுக்கு அப்பால் அதில் இன்னும் பல சிறு பொருள்கள் இருக்கின்றன. ஃபார்னசீன் ஒன்றே போதும். குண்டுமல்லியில் கணிசமாக உள்ள அது காற்றுப்பட்டால் விரைவில் கெடுவதால், கலவை செய்பவர்களின் அலமாரியில் இருப்பது அரிது. ஆகவே இரண்டாவது கலவையில் 5 பங்கு அப்சொல்யூட்டைச் சேர்த்துப் பார்த்தேன். முதல் பத்து நிமிடமும் மறுநாள் காலையும் இரண்டும் ஒரே பட்டையில் கிடைத்தன. என் மூக்குக்கு வென்றது அதுவே.

சோப்பு வேறு கதை. எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்யும் சோப்பில் கிலோ எண்ணெய்க்கு 30 கிராம் வாசனை சேர்ப்பது வழக்கம். அதை அப்சொல்யூட்டால் செய்தால் ஒரு கிலோ எண்ணெயில் ஆகும் சோப்புக்கு ஏறக்குறைய 40 கிலோ மொட்டு போய்விடும். நான் இதைச் சொன்னபோது அந்தப் பெண்மணி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். கடையில் மலிவாக விற்கும் "இயற்கை மல்லிகை சோப்பை" அன்று முதல் அவர் வேறு கண்ணோடு பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் சோதனைக்காக மூன்றையும் 200 கிராம் எண்ணெய்ச் சோப்பில் போட்டுப் பார்த்தோம். அப்சொல்யூட்டை மட்டும் 1 கிராமோடு நிறுத்திக்கொண்டோம். அது ஊற்றும்போதே பழுப்பேறியிருந்தது. இரண்டாவது கலவையின் சோப்பு வெள்ளையாக இருந்து, பத்து நாளில் ஓரங்களில் பழுத்தது. இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. இண்டோலும் மெத்தில் ஆந்த்ரனிலேட்டும் சோப்பில் நிறம் மாறும் பொருள்கள். அவை பூவிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் அப்படித்தான் நடந்துகொள்ளும். அதோடு காரம் பென்சைல் அசிட்டேட்டைச் சிதைத்துவிடும். அப்போது மணத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. இலாங்-இலாங் கலவைக்கும் அதே கதிதான். மூன்றில் முதலில் மணம் மங்கியதும் அதுவே. எனவே சோப்புக்கு வேறு கணக்கு எழுதினேன். பென்சைல் அசிட்டேட்டை 10 பங்காகக் குறைத்து, இண்டோலை நீக்கி, ஆந்த்ரனிலேட்டை 1 பங்காக்கி, காரத்துக்கு அஞ்சாத ஃபீனைல் எத்தில் ஆல்கஹாலைச் சேர்த்து, ஹெடியோனைக் கூட்டினேன். அப்சொல்யூட் 1 பங்கு மட்டும் இருக்கிறது. ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் ரோஜாவின் முக்கியப் பொருள். அதனால் சோப்பின் மணம் மல்லிகையிலிருந்து ஓசூர்ப் பக்கம் சற்றே சாய்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தோலுக்கு எது பாதுகாப்பு என்பதையும் அவர் கேட்டார். சர்வதேச வாசனைப் பொருள் சங்கமான இஃப்ரா, மல்லிகை அப்சொல்யூட்டுக்கும் இலாங்-இலாங்குக்கும் அளவு வரம்பு வைத்திருக்கிறது. பென்சைல் சாலிசிலேட்டுக்கும் வைத்திருக்கிறது. லினலூல் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது உருவாகும் பொருள்களே ஒவ்வாமைக்குப் பெரும் காரணம். கொத்தமல்லி விதையின் லினலூலும் அதற்கு விலக்கல்ல. பாட்டிலை மூடி, குளிர்ச்சியான இடத்தில் வைப்பதே அங்கே உதவும். லினலூலின் பிறப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்ரோலியப் பொருள்களிலிருந்தும் அதைச் செய்யலாம், பைன் மரப் பிசினிலிருந்து வடித்த டர்பன்டைனிலிருந்தும் செய்யலாம். ஒரு பொருளின் கார்பன் எவ்வளவு பழையது என்று பார்க்கும் கார்பன்-14 சோதனை பெட்ரோலியத்தைக் காட்டிக்கொடுக்கும். டர்பன்டைனிலிருந்து செய்ததோ தாவரக் கார்பன் என்றே தேறிவிடும். அது ஆலையில் பலபடி வேதிவினைகளுக்கு உட்பட்டது என்பது அந்தச் சோதனையில் தெரியாது. லினலூலுக்கு இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. இயற்கையில் கிடைப்பதில் பெரும்பாலும் ஒரு வடிவம் மிகுந்திருக்கும், ஆலையில் செய்ததில் பெரும்பாலும் இரண்டும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கும். அதைப் பிரித்தறியும் கருவி இருந்தால்தான் உண்மை வெளிப்படும்.

அவர் இறுதியில் லேபிளில் "மல்லிகை மணம் கொண்ட சோப்பு" என்று மட்டும் போட்டு, கீழே லினலூல், பென்சைல் சாலிசிலேட் ஆகியவற்றின் பெயர்களையும் எழுதினார். பழுத்த இரண்டு சோதனைச் சோப்புகளைத் தூக்கி எறிய மனமில்லாமல் வீட்டுக்கே வைத்துக்கொண்டார். குளியலறை ஜன்னலில் அப்சொல்யூட் சேர்த்தது இன்னும் கொஞ்சம் மணக்கிறதாம்.